எவ்வளவு வெண்ணெய்க்கு எவ்வளவு நெய்? கணக்குப் போட்டு உருக்கும் முறை

கடையில் பாக்கெட்டில் வரும் உப்பில்லாத வெண்ணெய் ஒரு கிலோ உருக்கினால், வடிகட்டிய நெய்யாகக் கையில் நிற்பது சுமார் 800 கிராம். வீட்டில் ஆடை சேர்த்துக் கடைந்த வெண்ணெய் என்றால் 650 முதல் 700 கிராம் வரை வரும், தண்ணீரை நன்றாகப் பிழியாமல் விட்டிருந்தால் அதுவும் வராது. இந்த வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் கைப்பக்குவம் காரணம் இல்லை. உருக்க ஆரம்பிக்கும்போதே வெண்ணெய்க்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதுதான் காரணம். அதைத் தெரிந்துகொண்டால் எவ்வளவு வாங்க வேண்டும் என்பதையும், அடுப்பை எப்போது அணைக்க வேண்டும் என்பதையும் ஒரே கணக்கில் சொல்லிவிடலாம்.

வெண்ணெயில் மூன்று பொருள்கள்தான் உண்டு: கொழுப்பு, தண்ணீர், கொஞ்சம் பால் திடப்பொருள். தண்ணீர் ஆவியாகப் போகிறது. பால் திடப்பொருள் வறுபட்டுக் கசண்டாக அடியில் தங்குகிறது. மீதி இருப்பது நெய். டேபிள் பட்டரில் கொழுப்பு 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, ஈரம் 16 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு உணவுத் தர விதி. சமையலுக்கான வெள்ளை வெண்ணெய்க்குக் கொழுப்பு 76 சதவீதம் இருந்தாலே போதும். ஆகவே பாக்கெட்டைத் திருப்பி, 100 கிராமுக்குக் கொழுப்பு எவ்வளவு என்று போட்டிருப்பதைப் பாருங்கள். அந்த எண்ணில் இரண்டைக் கழித்தால், வீட்டு அடுப்பில் உங்களுக்குக் கிடைக்கப்போகும் நெய்யின் அளவு 100 கிராமுக்கு இத்தனை என்று வந்துவிடும். அந்த இரண்டு கிராம் கசண்டோடும் பாத்திரத்தோடும் ஒட்டிக்கொண்டு போகிறது.

நெய்யை நாம் லிட்டரில் நினைக்கிறோம், வெண்ணெயைக் கிராமில் வாங்குகிறோம். குழப்பம் பாதி இங்கேதான் வருகிறது. ஒரு லிட்டர் நெய் ஒரு கிலோ எடை இருக்காது, ஏறக்குறைய 910 கிராம்தான் இருக்கும். கடை நெய் ஒரு லிட்டர் பாக்கெட்டில் அதே அளவில் கிராம் எடை அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எனவே ஒரு லிட்டர் நெய் வேண்டுமானால் 910ஐ 0.8ஆல் வகுக்க வேண்டும். 1,140 கிராம் பாக்கெட் வெண்ணெய் தேவை. ஒரு கிலோ நெய் வேண்டுமானால் 1,250 கிராம். அரை லிட்டர் போதும் என்றால் 570 கிராம், அதாவது ஒரு அரைக்கிலோ பாக்கெட் மட்டும் வாங்கினால் கொஞ்சம் பற்றாது.

ஒரு லிட்டர் பாட்டில் நிறைய

பெங்களூரு அல்சூரில் எங்கள் கீழ்வீட்டு அக்கா தீபாவளி மைசூர்பாகுக்காக நெய் உருக்கிய கணக்கை அப்படியே தருகிறேன். அரைக்கிலோ நந்தினி வெண்ணெய் இரண்டு பாக்கெட் வாங்கி வைத்திருந்தார்.

"ரெண்டு பாக்கெட் போட்டா இந்த ஒரு லிட்டர் பாட்டில் நிறைஞ்சிடும்ல?" என்று கேட்டார்.

"நிறையாதுக்கா. நூறு மில்லிக்கு மேல குறையும். வீட்டு வெண்ணெய் ஏதாவது இருக்கா?"

பிரிட்ஜில் ஒரு டப்பாவில் ஆடை கடைந்த வெண்ணெய் இருந்தது. பாக்கெட்டில் கொழுப்பு 82 என்று போட்டிருந்தது. அப்படியானால் ஒரு கிலோவில் 800 கிராம் நெய், சுமார் 880 மில்லி. குறைவது 120 மில்லி, அதாவது 110 கிராம் நெய். வீட்டு வெண்ணெயில் 100 கிராமுக்கு 70 கிராம் வரும் என்று வைத்தால் 157 கிராம், முழு எண்ணாகக் குறைத்து 150 கிராம் சேர்த்தால் போதும். ஆனால் அந்த 70 ஒரு ஊகம். வீட்டு வெண்ணெய் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். அதற்கு ஒரு சின்னச் சோதனை இருக்கிறது, மொத்த வெண்ணெயையும் அடுப்பில் ஏற்றுவதற்கு முன்னால் பத்து நிமிடத்தில் செய்துவிடலாம்.

தாளிப்புக் கரண்டியையோ சின்னக் கடாயையோ எடை போடுங்கள். அதில் சரியாக 50 கிராம் வெண்ணெய் வைத்துச் சிறு தீயில் உருக்குங்கள். சத்தம் அடங்கி, அடியில் கசண்டு லேசாக நிறம் மாறியதும் இறக்கி மறுபடி எடை போடுங்கள். குறைந்த எடை அத்தனையும் தண்ணீர். அக்காவின் வெண்ணெயில் 50 கிராமுக்கு 12 கிராம் குறைந்தது, அதாவது 24 சதவீதம் தண்ணீர். மீதி 76இல் பால் திடப்பொருள் ஐந்தாறு இருக்கும், ஏனென்றால் வீட்டில் கழுவும்போது மோர் முழுவதும் போவதில்லை. ஆக 70 என்ற ஊகம் சரியாகவே இருந்தது. இந்தச் சோதனையில் 35 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் வெண்ணெயை மறுபடி குளிர்ந்த தண்ணீரில் போட்டு, உள்ளங்கையால் அழுத்தி அழுத்திப் பிழிந்தெடுங்கள். தண்ணீரை ஆவியாக்க வீணாகக் கேஸ் செலவழிக்க வேண்டாம். காந்தி பஜார், மல்லேஸ்வரம் பக்கம் உருண்டையாக எடைக்கு வாங்கும் வெண்ணெய்க்கும் இதே சோதனை பொருந்தும். தண்ணீரில் மிதக்கவிட்டு எடுத்துத் தருவது ஈரத்தோடு தராசில் ஏறிவிடும்.

சோதனைக்கு எடுத்த வெண்ணெய் வீணாவதில்லை, அந்த நெய்யை அப்படியே மொத்தத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று அக்கா அதைத் தனியாக எடுத்து அன்றைய பருப்புச் சாதத்துக்கு வைத்துவிட்டு, மிச்ச வெண்ணெயிலிருந்து 150 கிராம் எடுத்தார்.

தராசை வைத்துக்கொண்டு உருக்குவது

1,150 கிராம் வெண்ணெய்க்கு நான்கு லிட்டர் கொள்ளும் அடிகனமான பாத்திரம் வேண்டும். உருகிய வெண்ணெய் பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. நுரை எழும்போது இரண்டு மடங்காவது மேலே வரும், அடுப்பில் பொங்கி வழிந்தால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. பாத்திரம் ஈரமில்லாமல் இருக்கட்டும். காலிப் பாத்திரத்தைக் கரண்டியோடு சேர்த்து எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். அக்காவுடையது 1,240 கிராம். வெண்ணெயைப் போட்டதும் 2,390.

இப்போது தண்ணீர்க் கணக்கு. பாக்கெட் வெண்ணெய் ஒரு கிலோவில் 160 கிராம், வீட்டு வெண்ணெய் 150 கிராமில் 36 கிராம், மொத்தம் 196. அதாவது பாத்திரத்தின் எடை 2,390இலிருந்து 2,194க்கு இறங்கும்போது தண்ணீர் முழுவதும் போயிருக்கும். நெய் உருக்குவதில் 'பதம்' என்று சொல்வதை எண்ணாகச் சொன்னால் இதுதான். கண், காது, மூக்கு மூன்றும் சொல்வதை இந்த எண் உறுதி செய்யும்.

வெண்ணெயைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டு, முதலில் சிறு தீயில் உருக விடுங்கள். முழுவதும் உருகிய பிறகு தீயை நடுத்தரமாக ஏற்றலாம். முதல் கட்டத்தில் வெள்ளையாகக் கெட்டி நுரை வரும், உள்ளே மஞ்சளாகக் கலங்கி இருக்கும். கொஞ்ச நேரத்தில் கொதி வந்து, பெரிய பெரிய குமிழிகளோடு சடசடவென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் அடியில் இருக்கும் தண்ணீர் ஆவியாகி மேலே வெடித்து வருவது. இந்தக் கட்டம்தான் நீளமானது, இந்த அளவுக்கு இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். தெர்மாமீட்டர் வைத்திருந்தால், இந்த நேரம் முழுவதும் சூடு ஏறாமல் 100 டிகிரியை ஒட்டியே நிற்பதைப் பார்க்கலாம். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் சென்னையில் பழகிய எண்ணைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாகக் காட்டினால் தெர்மாமீட்டரைச் சந்தேகப்பட வேண்டாம். தண்ணீர் இருக்கும் வரைக்கும் அடுப்பின் சூடு அத்தனையும் அதை ஆவியாக்கவே போகிறது. ஆகவே இந்தக் கட்டத்தில் நெய் கருகாது, தாராளமாக நடுத்தீயில் வைக்கலாம். கரண்டியால் அடியை மட்டும் அவ்வப்போது சுரண்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பால் திடப்பொருள் ஒரே இடத்தில் படிந்து அங்கே மட்டும் கருகும்.

சத்தம் குறையத் தொடங்கும் இடத்தில் அடுப்பை விட்டு நகரக் கூடாது. சடசடப்பு மெதுவான சலசலப்பாக மாறும், குமிழிகள் சின்னதாகும், நெய் தெளிந்து அடி தெரியும். உடனே தீயைச் சிறிதாக்குங்கள். தண்ணீர் தீர்ந்துவிட்டதால் சூட்டைப் பிடித்துவைக்க ஒன்றுமில்லை. 100இலிருந்து 115க்கு ஏற இரண்டு மூன்று நிமிடமே போதும். அடியில் வெள்ளையாக இருந்த கசண்டு மஞ்சளாகி, பிறகு பொன்னிறமாகும். கூடவே பொடிப்பொடியான வெள்ளை நுரை மேலே மறுபடி ஒரு தடவை எழும். இந்த இரண்டாம் நுரைதான் நான் எப்போதும் காத்திருப்பது. இது வந்து, கசண்டு பொன்னிறத்தில் இருந்து, வறுத்த வாசனை மூக்கில் ஏறினால் அடுப்பை அணைத்துவிட வேண்டும். தெர்மாமீட்டரில் அது 115க்கும் 120க்கும் நடுவில் இருக்கும்.

எடை பார்ப்பது இந்த இடத்தில்தான். தராசின் மேல் ஒரு மரப்பலகையை வைத்துப் பூஜ்யமாக்கிக்கொள்ளுங்கள், சூடான பாத்திரத்தைத் தராசின் மேல் நேராக வைத்தால் அது கெட்டுவிடும். பெரும்பாலான சமையலறைத் தராசுகள் ஐந்து கிலோ வரை தாங்கும், இருந்தாலும் உங்களுடையதை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். சத்தம் குறைந்ததும் அக்கா பாத்திரத்தைத் தூக்கி வைத்தார், 2,212 காட்டியது. பார்த்தால் நெய் தெளிவாகத்தான் இருந்தது, கசண்டும் வெளிர் மஞ்சளாகிவிட்டது. "ஆயிடுச்சு போல இருக்கே," என்றார். ஆனால் இன்னும் 18 கிராம் தண்ணீர் உள்ளே இருந்தது. ஒரு சின்ன எவர்சில்வர் தட்டை நெய்யின் மேல் ஒரு சாண் உயரத்தில் கவிழ்த்துப் பிடித்துக் காட்டினேன், உடனே தட்டில் ஆவி பூத்தது. தராசு இல்லாதவர்களுக்கு இந்தத் தட்டுச் சோதனை போதும். தட்டில் பனி படிகிற வரைக்கும் தண்ணீர் இருக்கிறது. மறுபடி சிறு தீயில் நான்கு நிமிடம் வைத்த பிறகு 2,195, தட்டும் காய்ந்தே இருந்தது.

ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை போடுகிறவர்கள் அடுப்பை அணைத்த உடனே போடுங்கள், எடை பார்த்த பிறகு. கீரை நன்றாகத் துடைத்து உலர்ந்திருக்க வேண்டும். இங்கே கன்னடக்காரர்கள் வீட்டில் வெற்றிலையைக் கிள்ளிப் போடுவார்கள், அதுவும் மணமாக இருக்கும். எந்த இலையானாலும் அது பொரிந்து சத்தம் நின்று மொறுமொறுப்பாகும் வரை சூடு இருக்க வேண்டும். நெய் ஆறிப்போன பிறகு போட்டால் இலையின் ஈரம் நெய்யில் தங்கிவிடும்.

வடிகட்டி அளப்பது

அணைத்த பிறகும் அடிகனமான பாத்திரம் ஐந்து நிமிடத்துக்குச் சூட்டை விடாது, கசண்டு இன்னும் ஒரு படி நிறம் ஏறும். ஆகவே நீங்கள் விரும்பும் நிறத்துக்கு ஒரு படி முன்னால் அணைப்பது நல்லது. தவறிவிட்டால் உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். கசண்டு காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போய்விட்டால் நெய் கசந்துவிடும், வடிகட்டினாலும் அந்த வாடை போகாது.

பத்துப் பதினைந்து நிமிடம் அசையாமல் வைத்தால் கசண்டு அடியில் இறங்கிவிடும். மேலாகத் தெளிந்ததை முதலில் சாய்த்து, கடைசிப் பகுதியை மட்டும் வடிகட்டியில் ஊற்றுங்கள். துணியில் வடிகட்டினால் நெய் பளிங்காக வரும், ஆனால் துணி குடிக்கும் நெய் திரும்பாது. நுண்ணிய எவர்சில்வர் வடிகட்டியே போதும் என்பது என் அபிப்பிராயம். வடிகட்டியில் நிற்கும் கசண்டைக் கரண்டியால் அழுத்தினால் ஒரு மேஜைக்கரண்டி நெய்யாவது இறங்கும்.

அக்காவுக்குக் கிடைத்தது 905 கிராம் நெய். கசண்டு அழுத்திய பிறகு 40 கிராம். மீதி பத்து கிராம் பாத்திரத்திலும் வடிகட்டியிலும் படலமாக ஒட்டிக்கொண்டது. 905ஐ 0.91ஆல் வகுத்தால் 995 மில்லி. பாட்டில் கழுத்துவரை நிறைந்தது. சூடாக ஊற்றும்போது தளும்பி நின்றாலும், ஆறியதும் கொஞ்சம் கீழே இறங்கும். சூட்டில் நெய் விரிந்து இருப்பதுதான் காரணம், குறைந்துவிட்டதே என்று நினைக்க வேண்டாம். அளவு தெரிய வேண்டுமானால் எடையை நம்புங்கள், பாட்டில் கோட்டை நம்பாதீர்கள்.

பாத்திரத்தில் ஒட்டும் அந்தப் பத்து கிராம், குறைவாக உருக்கினாலும் கிட்டத்தட்ட அதே அளவுதான் போகும். 200 கிராம் வெண்ணெயை அகலக் கடாயில் உருக்கினால் ஐந்து சதவீதம் அங்கேயே போய்விட்டது. "எனக்கு எப்பவும் எண்பது வர்றதில்லையே" என்பவர்களில் பலர் கொஞ்சம் கொஞ்சமாக உருக்குபவர்கள். சேர்த்துவைத்து ஒரு கிலோவாக உருக்குவது லாபம். ஆனால் வீட்டு வெண்ணெயைப் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வாரக்கணக்கில் சேர்க்காதீர்கள், ஃப்ரீசரில் வையுங்கள். புளிப்பேறிக் காறல் அடித்த வெண்ணெய் உருக்கினாலும் காறல் நெய்யாகத்தான் வரும்.

கணக்குத் தவறினால்

எடை எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் குறைந்து, கசண்டும் கருகாமல் இருந்தால், வெண்ணெயில் தண்ணீர் அதிகம் இருந்தது என்று அர்த்தம். அடுத்த முறை அந்தக் கடை வெண்ணெய்க்குச் சோதனை செய்து வாங்குங்கள். எடை சரியாகக் குறைந்தும் நெய் குறைவாக வந்தால் கசண்டைப் பாருங்கள். அது பொங்கிய களியாக நிறைய இருந்தால் மோர் சரியாகக் கழுவப்படவில்லை, நெய் அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கசண்டில் அரை டம்ளர் வெந்நீர் ஊற்றிக் கலக்கி, பிரிட்ஜில் வைத்தால் நெய் மேலே உறையும். எடுத்து மறுபடி காய்ச்ச வேண்டும், ஈரம் போகும்வரை.

சீக்கிரம் அணைத்த நெய் ஆறிய பிறகும் கலங்கலாக இருக்கும், ஒரு துளியைச் சூடான தோசைக்கல்லில் விட்டால் படபடவென்று தெறிக்கும். நல்ல நெய்யில் அரை சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது. ஈரம் தங்கிய நெய் சீக்கிரம் காறிப்போகும், மேலே பூஞ்சை பிடிக்கவும் வாய்ப்புண்டு. அன்றே தெரிந்தால் கவலை இல்லை, திரும்ப அடுப்பில் ஏற்றிச் சிறு தீயில் சத்தம் அடங்கும்வரை வைத்தால் சரியாகிவிடும்.

உப்பு வெண்ணெயில் நெய் உருக்கலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. உருக்கலாம், அளவும் ஏறக்குறைய அதே எண்பதுதான். உப்பு கொழுப்பில் கரையாது, ஆகவே நெய்யில் உப்பு அதிகம் ஏறாது, எல்லாம் கசண்டில் போய்ச் சேரும். அந்தக் கசண்டை வாயில் வைக்க முடியாது, உருக்கும்போது தெறிப்பும் அதிகம். வேறு வழியில்லாதபோது மட்டும் செய்யலாம்.

மணல் மணலாக நெய் வேண்டுமானால் வடிகட்டிய பாட்டிலைப் பிரிட்ஜில் வைக்காமல் மேடையில் மெதுவாக ஆற விடுங்கள். 30 டிகிரியை ஒட்டிய சூட்டில் மெல்ல ஆறும்போதுதான் மணல் விழும். ஐப்பசி, கார்த்திகையில் பெங்களூரு ராத்திரிக் குளிரில் பாட்டில் சீக்கிரம் உறைந்து மெழுகு மாதிரி ஆகிவிடும். ஒரு துண்டைச் சுற்றி அலமாரிக்குள் வைத்தால் போதும். எருமைப்பால் வெண்ணெயில் மணல் பெரிதாகவும், பசும்பால் வெண்ணெயில் பொடியாகவும் விழும். முழுவதும் ஆறிய பிறகு மூடி போடுங்கள், சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்த தண்ணீர் நெய்யிலேயே சொட்டும்.

விலை கணக்கும் இதே வழியில்தான். வெண்ணெய் கிலோ விலையை 1.25ஆல் பெருக்கினால் ஒரு கிலோ நெய்யின் அடக்க விலை வரும். வெண்ணெய் 600 ரூபாய் என்றால் நெய் 750, கேஸ் செலவு தனி. கடை நெய்யோடு ஒப்பிடும்போது கடை விலை லிட்டருக்கா கிலோவுக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள். லிட்டர் விலையானால் 0.91ஆல் வகுத்துக் கிலோ விலையாக்கிய பிறகு ஒப்பிடுங்கள்.

அந்த 40 கிராம் கசண்டில் நாட்டுச் சர்க்கரை தூவிக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாம், சூடான சாதத்தில் உப்புப் போட்டுப் பிசையலாம், சப்பாத்தி மாவில் சேர்த்தால் மிருதுவாக வரும். வெளியில் வைத்தால் அது கெட்டுவிடும். பிரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.